மேலாளரிடம் ஆங்கிலத்தில் விடுப்பும் ஊதிய உயர்வும் கேட்பது

தமிழ்வழியில் படித்து, ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதவேண்டிய அலுவலகங்களில் சேர்ந்திருக்கும் இளம் ஊழியர்களுக்கு,

விடுப்பு கேட்கும்போது தமிழ் பேசுவோர் பெரும்பாலும் இப்படித்தான் கேட்கிறார்கள்: “சார், வெள்ளிக்கிழமை ஊருக்குப் போகலாம்னு இருந்தேன். லீவு கிடைக்குங்களா?” இந்த வாக்கியத்தில் பணிவு மூன்று இடங்களில் இருக்கிறது. எண்ணம் இப்போதும் இருந்தாலும் “இருந்தேன்” என்று இறந்தகாலத்தில் சொல்லி, அதைக் கைவிடவும் தயார் என்று காட்டுவது ஒன்று. “கொடுங்கள்” என்று சொல்லாமல் “கிடைக்குமா” என்று கேள்வியாக விடுவது இன்னொன்று. “கிடைக்குங்களா” என்பதில் வரும் “ங்க” மூன்றாவது. இதே ஊழியர் இதே மேலாளருக்கு ஆங்கிலத்தில் எழுதும்போது, “சார், ஐ வாண்ட் லீவ் ஆன் ஃப்ரைடே. கைண்ட்லி அப்ரூவ்” என்று எழுதிவிடுகிறார். மனதில் இருந்த பணிவு குறையவில்லை. ஆனால் சென்னைக் கிளையின் பணியை மான்செஸ்டரிலிருந்தோ டல்லாஸிலிருந்தோ மேற்பார்வையிடும் ஒருவர் இதைப் படிக்கும்போது, தனக்கு ஓர் ஆணை வந்திருப்பதாகவே உணர்கிறார்.

இது நடக்கும் விதம் எளிது. ஆங்கிலத்தில் நீ, நீங்கள் என்ற வேறுபாடு இல்லை. வினைச்சொல்லின் ஈற்றில் மரியாதை ஏறுவதும் இல்லை. “ங்க” போட இடமில்லாததால் தமிழர் அந்த இடத்தை “சார்”, “ப்ளீஸ்”, “கைண்ட்லி” ஆகிய சொற்களால் நிரப்பப் பார்க்கிறார். ஆனால் “அப்ரூவ்” என்ற ஏவல் வினையின் முன்னால் “கைண்ட்லி” வந்தாலும் “ப்ளீஸ்” வந்தாலும் அது ஏவலாகவே நிற்கிறது. ஆங்கிலத்தில் பணிவு தனிச்சொல்லில் இருப்பதைவிட வாக்கியத்தின் அமைப்பில்தான் அதிகம் இருக்கிறது: கேள்வியாகக் கேட்பது, “குட்”, “வுட்” போன்ற துணைவினைகளைப் பயன்படுத்துவது, நிகழ்கால எண்ணத்தை இறந்தகாலத்தில் சொல்வது. இவற்றில் முதலும் கடைசியும் மேலே கண்ட தமிழ் வாக்கியத்திலேயே இருக்கின்றன. கையில் ஏற்கெனவே இருக்கும் இந்தக் கருவிகளை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகாமல், கொண்டுபோக முடியாத “ங்க” ஒன்றுக்கு மட்டும் மாற்றுத் தேடுவதில்தான் பிழை தொடங்குகிறது.

மொழிகள் இப்படிப் பணிவைக் கட்டும் முறைகளை ஒப்பிட்டு ஆராய்ந்தவர்களில் முதன்மையானவர்கள் பெனிலோப் பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும். 1978-இல் வெளியாகி 1987-இல் தனி நூலாக வந்த அவர்களுடைய ஆய்வு மூன்று மொழிகளின் பேச்சை அடிப்படையாகக் கொண்டது. ஒன்று ஆங்கிலம், ஒன்று மெக்சிகோவின் மாயன் மொழிகளுள் ஒன்றான ட்ஸெல்டால், மூன்றாவது, கோவைப் பகுதியின் ஒரு கிராமத்தில் பதிவுசெய்த தமிழ். எவ்வளவு சுற்றிவளைத்துக் கேட்கவேண்டும் என்பதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன என்று அவர்கள் கண்டார்கள்: பேசும் இருவருக்கும் இடையே உள்ள பழக்கத்தின் தூரம், கேட்கப்படுபவரின் அதிகாரம், கேட்கும் பொருளின் கனம். அலுவலகத்தில் முதல் இரண்டும் சட்டென்று மாறுவதில்லை. மூன்றாவதுதான் மடலுக்கு மடல் மாறுகிறது. அரைநாள் அனுமதிக்கும் இரண்டு வார விடுப்புக்கும் ஊதிய உயர்வுக்கும் ஒரே வாக்கியத்தைப் பயன்படுத்துபவர், ஒன்றில் அதிகாரமாகவும் இன்னொன்றில் அளவுக்கு மீறிக் குழைபவராகவும் தெரிவது அதனால்தான்.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ எல்லோரும் முதன்முதலில் எழுதும் ஆங்கில மடல் பள்ளி விடுப்புக் கடிதம். காய்ச்சலால் அவதிப்படுவதால் பள்ளிக்கு வர இயலவில்லை, எனவே இரண்டு நாள் விடுப்பு அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன் என்ற பொருளில், “ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்” என்று தொடங்கி, “கைண்ட்லி கிராண்ட் மீ லீவ் ஃபார் டூ டேஸ்” என்று நடந்து, “யுவர்ஸ் ஒபீடியன்ட்லி” என்று முடியும். அந்த அச்சு நெடுங்காலம் கையில் நின்றுவிடுகிறது. இந்திய அரசு அலுவலகங்களிலும் பழைய முறையில் நடக்கும் நிறுவனங்களிலும் இது இன்றும் செல்லும். அங்கே “கைண்ட்லி” யாரையும் உறுத்தாது, அதை விட்டுவிட்டால்தான் சிலருக்கு உறுத்தும். ஆகவே அந்த அச்சு தவறு என்று ஒதுக்குவது சரியாகாது. இந்தியாவுக்கு வெளியே வளர்ந்த ஆங்கிலத்தில் படிப்பவருக்கு எழுதும்போது மட்டுமே அது இருமடங்கு சிக்கலாகிறது: “கைண்ட்லி கிராண்ட்” ஆணையாகவும், “ஒபீடியன்ட்லி” அடிமைத்தனமாகவும் ஒரே பக்கத்தில் அவருக்குத் தோன்றும்.

ஒரு நிகழ்வை எடுத்துக்கொள்ளலாம். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் இருக்கும் ஓர் ஊழியருக்கு, மதுரையில் அக்காள் திருமணம். நவம்பர் 12 புதன்கிழமை முதல் 14 வெள்ளிக்கிழமை வரை மூன்று நாள் விடுப்பு தேவை. மேலாளர் இங்கிலாந்தில் இருக்கிறார். ஊழியரின் முதல் வரைவு இது: “டியர் சார், ஐ வாண்ட் லீவ் ஃப்ரம் 12 டு 14 ஃபார் மை சிஸ்டர் மேரேஜ். டிக்கெட்ஸ் ஆல்ரெடி புக்ட். கைண்ட்லி அப்ரூவ் அட் தி எர்லியஸ்ட்.”

இதில் பலரும் “வாண்ட்” என்ற சொல்லைத்தான் குற்றம் சொல்வார்கள். அதைவிடக் கனமான குற்றம் “டிக்கெட்ஸ் ஆல்ரெடி புக்ட்” என்பதில் இருக்கிறது. டிக்கெட் எடுத்தாகிவிட்டது என்று சொன்ன பிறகு மேலாளருக்கு முடிவெடுக்க ஒன்றும் மிச்சமில்லை. மறுத்தால் ஒரு திருமணத்தைக் கெடுத்தவர் ஆவார். தமிழ்நாட்டு ஊழியர் இந்த வரியை எழுதுவதற்கு நியாயமான காரணம் உண்டு. ரயிலில் முன்பதிவு 60 நாள் முன்பே திறந்துவிடுகிறது. முகூர்த்த நாள், பண்டிகை நாள் என்றால் தெற்கே போகும் வண்டிகளில் இடம் பிடிக்க முதல் நாள் காலையிலேயே முயலவேண்டியிருக்கிறது. முதலில் டிக்கெட், பிறகு விடுப்பு என்பது இங்கே பழக்கமாகிவிட்டது. அந்தப் பின்னணி இங்கிலாந்தில் இருப்பவருக்குத் தெரியாது. இதற்கு வழி, முன்பதிவு திறப்பதற்குச் சில நாள் முன்பே மடல் எழுதிவிடுவது. அது தவறிப்போய் டிக்கெட் எடுத்தாகிவிட்டால் மறைக்க வேண்டியதில்லை. மாற்றக்கூடியது என்பதையும் சேர்த்து, “ஐ ஹேவ் எ பிரொவிஷனல் புக்கிங் தட் ஐ கேன் சேஞ்ச்” என்று எழுதலாம். அந்த ஒரு வரி முடிவை மறுபடியும் மேலாளர் கையில் கொடுக்கிறது.

இரண்டாவது குறை, அந்த மடலில் வேலையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாதது. விடுப்பு மடலைப் படிக்கும் மேலாளர் மனதில் எழும் முதல் கேள்வி “அந்த மூன்று நாள் யார் பார்ப்பார்கள்” என்பதுதான். அதற்குப் பதில் இல்லாத மடல், எவ்வளவு பணிவான சொற்களில் இருந்தாலும், ஒரு வேலையை அவர் தலையில் தூக்கிவைக்கிறது. திரும்பக் கேட்டு எழுதி, பதில் வாங்கி, ஆள் ஏற்பாடு செய்வது அவர் பொறுப்பாகிவிடுகிறது. அதிகாரமாகக் கேட்பதாக உணர வைப்பதில் இந்தக் குறைக்குப் பெரிய பங்கு உண்டு. இலக்கணப் புத்தகங்கள் இதைச் சொல்வதில்லை.

திருத்திய மடல் இப்படி அமையும். பொருள் வரியில் “லீவ் ரிக்வெஸ்ட், 12 டு 14 நவம்பர்” என்று தேதியுடன் இருக்கும். மேலாளர் பின்னால் தேடினாலும் கிடைக்கும். உள்ளே முதல் வரி: “ஐ வுட் லைக் டு டேக் த்ரீ டேஸ் ஆஃப், ஃப்ரம் வெட்னஸ்டே 12 டு ஃப்ரைடே 14 நவம்பர், ஃபார் மை சிஸ்டர்ஸ் வெட்டிங் இன் மதுரை.” அடுத்தது: “ஐ வில் ஃபினிஷ் தி வீக்லி ரிப்போர்ட் பை டியூஸ்டே ஈவினிங், அண்ட் எ டீம்மேட் ஹேஸ் அக்ரீட் டு ஹேண்டில் மை டிக்கெட்ஸ்.” வாராந்தர அறிக்கை செவ்வாய் மாலைக்குள் முடிந்துவிடும், சேவைப் புகார்களைப் பார்க்கக் குழுவில் ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார் என்பது பொருள். உண்மை மடலில் அந்த ஒருவரின் பெயர் இருக்கவேண்டும். அவரிடம் உண்மையிலேயே கேட்டுச் சம்மதம் வாங்கியிருக்கவும் வேண்டும். கடைசி வரி கேள்வி: “வுட் தட் பி ஆல்ரைட்?” அவ்வளவுதான். “ப்ளீஸ்” ஒருமுறைகூட வரவில்லை. ஆனாலும் ஆங்கிலத்தில் படிப்பவருக்கு முதல் வரைவைவிட இதுவே பணிவானது.

இங்கே “வாண்ட்” இருந்த இடத்தில் “வுட் லைக்” வந்திருக்கிறது. இரண்டும் விருப்பத்தைத்தான் சொல்கின்றன. “வுட்” சேர்வதால், நீங்கள் சரி என்றால் என்ற நிபந்தனை சொல்லாமலே உள்ளே வந்துவிடுகிறது. தமிழில் “கொடுத்தா நல்லா இருக்கும்” என்பதில் “கொடுத்தா” செய்யும் வேலை அது. இன்னும் கனமான வேண்டுகோள் என்றால், மூன்று வாரம் ஊருக்குப் போகவேண்டும் என்பதுபோல, “ஐ வாஸ் வொண்டரிங் இஃப் ஐ குட் டேக்” என்று தொடங்கலாம். “வாஸ்” என்ற இறந்தகாலம், “போகலாம்னு இருந்தேன்” என்பதற்கு நேரான உத்தி. ஆனால் வெள்ளிக்கிழமை மாலை ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்புவதற்கு இவ்வளவு நீளம் வேண்டாம். “குட் ஐ லீவ் அட் ஃபைவ் டுடே?” போதும். சின்னக் காரியத்துக்கு நீண்ட முன்னுரை போட்டால், ஏதோ பெரிய சிக்கல் வரப்போகிறது என்று படிப்பவர் பதறுவார்.

உடல்நலமின்மை வேறு வகை. காலையில் காய்ச்சலோடு எழுந்தவர் அன்றைக்கு வர முடியாது என்பது முடிவான செய்தி. அதில் அனுமதி கேட்க ஒன்றுமில்லை. “ஐ ஆம் நாட் வெல் டுடே அண்ட் வோண்ட் பி ஏபிள் டு வொர்க்” என்று அறிவித்துவிட்டு, அன்றைக்கு அவசரமாக நிற்கும் வேலை எது என்று ஒரு வரி சேர்த்தால் முடிந்தது. எத்தனை முறை வாந்தி, என்ன மாத்திரை என்ற விவரங்களை ஆங்கில அலுவலக வழக்கு எதிர்பார்ப்பதில்லை. சொன்னால் நம்பவைக்க முயல்வதுபோல் ஆகிவிடும். வீட்டில் துக்கம் என்றாலும் அப்படியே. “ஐ ஹேவ் டு லீவ் ஃபார் மை ஹோம்டவுன் டுடே” என்று நேராகச் சொல்வதே பொருத்தம். இறந்தவர் என்ன உறவு என்பதை ஒரு சொல்லில் சொல்லி, திரும்பும் நாளைப் பிறகு தெரிவிப்பதாக எழுதினால் போதும். அந்த நேரத்தில் “குட்”, “வுட்” தேடிக்கொண்டிருப்பது தேவையற்றது, யாரும் அதை எதிர்பார்ப்பதும் இல்லை.

சட்டம் தரும் விடுப்பிலும் கேட்பவரின் குரல் மாறவேண்டும். இந்தியாவில் மகப்பேறு விடுப்பு 2017-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரம். தகுதியுள்ள ஊழியர் இதை வேண்டுகோளாக எழுதினால், மறுக்கவும் வாய்ப்பிருப்பதுபோல் அவரே காட்டிவிடுகிறார். “ஐ ஆம் ரைட்டிங் டு லெட் யூ நோ தட் ஐ வில் பி ஆன் மெட்டர்னிட்டி லீவ் ஃப்ரம்” என்று தொடங்கித் தேதியைச் சொல்வது சரியான வடிவம். வேலையை ஒப்படைக்கும் ஏற்பாட்டில்தான் கேள்வி வரவேண்டும்: எப்போது உட்கார்ந்து பேசலாம், யாரிடம் கொடுக்கலாம் என்று. உரிமையில் உறுதி, ஏற்பாட்டில் இணக்கம் என்று பிரித்துக்கொண்டால் இந்த மடல் கடுமையாகவும் இராது, கெஞ்சலாகவும் இராது.

மடல் போய்ப் பதில் வராத நிலைமைதான் பலரைத் தடுமாற வைக்கிறது. இந்திய அலுவலகங்களில் “ஜென்டில் ரிமைண்டர்” என்று தலைப்பிட்டு அனுப்புவது வழக்கம். “ஜென்டில்” என்று சேர்த்திருந்தாலும், நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்பதே அதில் முதலில் தெரிகிறது. “அட் தி எர்லியஸ்ட்” என்பதும் நெருக்கும் சொல். எதற்காக அவசரம் என்று அது சொல்வதில்லை. காரணத்தோடு நாளைச் சொன்னால் அதே அவசரம் நியாயமாகத் தெரியும். மூன்று, நான்கு வேலைநாள் கழித்து, பழைய மடலுக்கே பதிலாக, “ஹேவ் யூ ஹேட் எ சான்ஸ் டு லுக் அட் திஸ்? ட்ரெயின் புக்கிங் ஓபன்ஸ் ஆன் ஃப்ரைடே, ஸோ இட் வுட் ஹெல்ப் டு நோ பை தர்ஸ்டே” என்று எழுதலாம். வெள்ளிக்கிழமை முன்பதிவு திறக்கிறது, வியாழனுக்குள் தெரிந்தால் உதவியாக இருக்கும் என்பதில் கெடு வைப்பது ரயில்வே; ஊழியர் அல்ல.

ஊதிய உயர்வு கேட்பது இவை எல்லாவற்றையும்விடக் கனமானது. பெரும்பாலான நிறுவனங்களில் நேரடி மேலாளர் கையில் பணம் இல்லை. அவர் இன்னொருவரிடம் போய் இந்த ஊழியருக்காகப் பேசவேண்டும். ஆகவே முதல் மடலிலேயே தொகையைக் கேட்பது அவரை மூலையில் நிறுத்துவதாகும். முதல் மடல் ஒரு சந்திப்பை மட்டும் கேட்கவேண்டும்: “குட் வீ ஃபைண்ட் ட்வென்டி மினிட்ஸ் நெக்ஸ்ட் வீக் டு டாக் அபௌட் மை ரோல் அண்ட் பே?” எதைப் பற்றி என்று மறைக்காமல் சொல்வது முக்கியம். “ஐ வாண்ட் டு டிஸ்கஸ் சம்திங் இம்பார்ட்டன்ட்” என்று புதிராக எழுதினால், வேலையை விடப்போகிறார் போல என்று மேலாளர் நினைத்துக்கொள்வார். சந்திப்பு அந்தத் தற்காப்பு மனநிலையிலேயே தொடங்கும். காலமும் பார்க்கவேண்டும். ஏப்ரலில் ஊதியம் மாறும் நிறுவனத்தில் மார்ச் கடைசியில் கேட்டால், ஒதுக்கீடு முடிந்திருக்கும். மேலாளர் விரும்பினாலும் செய்வதற்கு ஒன்றுமிராது. ஜனவரியில் கேட்டால் அவரிடம் இன்னும் வழி இருக்கும்.

சந்திப்பில் தமிழர் பலர் முதலில் எடுப்பது குடும்ப நிலவரம்: வீட்டுக் கடன், தங்கை படிப்பு, அப்பாவின் மருத்துவச் செலவு. முதலாளி நேரில் இருந்து நடத்தும் சிறு நிறுவனங்களில் இந்தப் பேச்சுக்கு இடம் உண்டு. அங்கே உறவு அப்படிப்பட்டது, முதலாளியே விசாரிப்பார். ஆங்கிலத்தில் நடக்கும் பெரிய நிறுவனத்தில் அது பயன்படுவதில்லை. கஷ்டத்தை வைத்து மேலாளர் மேலிடத்தில் வாதாட முடியாது; தன் இரக்கத்தின் மேல் பாரம் ஏற்றப்படுவதாகவே அவர் உணர்வார். சக ஊழியரின் சம்பளத்தைச் சொல்லி ஒப்பிடுவதும் அப்படித்தான். பேச்சு உடனே அந்த இன்னொருவரைப் பற்றியதாகத் திரும்பிவிடும். இல்லையென்றால் வேறு வேலை பார்ப்பேன் என்பது, உண்மையிலேயே கையில் வேறு வேலை இருந்தாலொழிய, சொல்லக்கூடாதது.

சொல்லவேண்டியது செய்த வேலை. மாதம் 32,000 ரூபாய் வாங்கும் ஒரு கணக்குப் பிரிவு ஊழியர் 38,000 கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். ஏறக்குறைய 19 சதவீதம். வழக்கமான ஆண்டு உயர்வைவிடக் கூடுதல், எனவே காரணம் கூடுதலாக வேண்டும். கடந்த ஏப்ரலில் விலகிப்போன ஒருவரின் ஜிஎஸ்டி வேலையையும் சேர்த்து இவர்தான் பார்க்கிறார். மாதக் கணக்கு முடிய முன்பு 8 நாள் ஆனது இப்போது 5 நாளில் முடிகிறது. இந்த இரண்டையும் அவர் குழைக்காமல் சொல்லவேண்டும்: “சின்ஸ் ஏப்ரல் ஐ ஹேவ் பீன் ஹேண்ட்லிங் தி ஜிஎஸ்டி ஃபைலிங் ஆஸ் வெல். தி மந்த்லி க்ளோஸ் நவ் டேக்ஸ் ஃபைவ் டேஸ் இன்ஸ்டெட் ஆஃப் எய்ட்.” இங்கே “ஐ திங்க்”, “மே பி”, “எ லிட்டில்” போன்ற சொற்கள் வரக்கூடாது. பணிவு என்ற பெயரில் சாதனையை மெலிதாக்குவது தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களிடம் அடிக்கடி காணும் பழக்கம். தன்னைத்தானே புகழ்வதாகிவிடுமோ என்ற கூச்சம் அதற்குக் காரணம். எண்ணும் தேதியும் புகழ்ச்சி ஆகாது.

மென்மை வரவேண்டிய இடம் அதற்கு அடுத்த வாக்கியம்: “கிவன் தட், ஐ வாஸ் ஹோப்பிங் மை சாலரி குட் பி ரிவ்யூட், டு சம்திங் அரௌண்ட் 38,000. இஸ் தட் சம்திங் யூ குட் சப்போர்ட்?” “வாஸ் ஹோப்பிங்” என்பதில் இறந்தகாலம், “குட் பி ரிவ்யூட்” என்பதில் யார் செய்யவேண்டும் என்பது சொல்லப்படவில்லை, “கிடைக்குங்களா”வில் கொடுப்பவர் யார் என்று சொல்லப்படாததைப் போல. “சப்போர்ட்” என்ற சொல் மேலாளரின் உண்மையான அதிகாரத்துக்கு ஏற்ற அளவில் கேட்கிறது: கொடுக்கச் சொல்லவில்லை, துணை நிற்க முடியுமா என்கிறது. “ஐ டிசர்வ்” என்று தொடங்கும் வாக்கியம் இதற்கு நேரெதிர். தகுதியைத் தீர்மானிக்கும் வேலையையும் கேட்பவரே எடுத்துக்கொள்வதால் அது காதில் உரசுகிறது. கேள்வி முடிந்ததும் நிறுத்திவிடவேண்டும். பதில் வரத் தாமதமானால் பதறி, “ஈவன் 34,000 இஸ் ஃபைன் சார்” என்று தானே இறங்கிப் பேசுவதுதான் இந்த இடத்தில் நேரும் மிகப்பெரிய இழப்பு. மேலாளர் யோசிக்கும் நேரம் மறுப்பு அல்ல. சொல்லும் வழக்கில் ஒரு சிறு கவனிப்பும் வேண்டும்: இந்தியாவில் “ஹைக்” என்பார்கள், பிரிட்டனில் “பே ரைஸ்”, அமெரிக்காவில் “ரெய்ஸ்”, எதிரில் இருப்பவர் எங்கிருந்து பேசுகிறாரோ அந்தச் சொல்.

மறுப்பு வந்தால் அதே சந்திப்பில் இரண்டு கேள்விகளுக்கு இடம் உண்டு. அடுத்த மதிப்பீட்டில் இது நடக்க என்ன மாறவேண்டும் என்பது ஒன்று: “வாட் வுட் நீட் டு சேஞ்ச் ஃபார் திஸ் டு பி பாசிபிள்?” மறுபடி எப்போது பேசலாம் என்பது மற்றொன்று: “குட் வீ லுக் அட் இட் அகெய்ன் இன் அக்டோபர்?” ஏன் முடியாது என்று “ஒய்” போட்டுக் கேட்பது விசாரணைபோல் ஒலிக்கும், “வாட்” போட்டுக் கேட்டால் அதே தகவல் கிடைக்கும். அன்றைக்கே நான்கு வரியில் ஒரு மடல் அனுப்பவேண்டும்: நேரம் ஒதுக்கியதற்கு நன்றி, பேசிய தொகை, செய்யச் சொன்ன காரியங்கள், மறுபடி பேசும் மாதம். அக்டோபரில் மேலாளர் மாறியிருக்கலாம். புதிதாக வருபவரிடம் காட்ட அந்த மடல் மட்டுமே இருக்கும்.

அன்புடன்,
அலுவலக ஆங்கிலம் கற்பிக்கும் ஓர் ஆசிரியர்